ஐந்து கிலோ வஞ்சிரம், இருபத்து நான்கு துண்டு: முழு மீன் வாங்கும் உணவகத்தின் உண்மைக் கணக்கு

கேள்வி: ஐயா, சென்னையில் நாற்பது பேர் அமரக்கூடிய சிறிய உணவகம் தொடங்கியிருக்கிறேன். இதுவரை வெட்டிய வஞ்சிரத் துண்டுகளாக வாங்கினேன். இனி காசிமேட்டிலிருந்து முழு மீனாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். மீன் புதியதுதானா என்று எப்படிப் பார்ப்பது? கழிவு எவ்வளவு போகும்? வெட்டிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது?

பதில்:

முழு மீனாக வாங்குவதே சரியான முடிவு. வெட்டிய துண்டில் செவுள் இல்லை, கண் இல்லை, வயிறு இல்லை. மீனின் வயதைக் காட்டும் அடையாளங்கள் எல்லாம் அந்த உறுப்புகளில்தான் இருக்கின்றன. அவை போன பிறகு, விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லை. சீலா மீனைத் துண்டாக்கி வஞ்சிரம் என்று விற்பதும் துண்டில்தான் எளிது. முழு மீனில் சீலாவின் நீண்ட கூர்வாயும் வெளியே தெரியும் கோரைப் பற்களும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் அளவைச் சொல்கிறேன். துண்டு வறுவலுக்கு மூன்றரை முதல் ஆறு கிலோ வரை உள்ள வஞ்சிரம் மிகப் பொருத்தம். இரண்டு கிலோவுக்குக் குறைந்த மீனில் தலை, குடல், வால் ஆகியவற்றின் பங்கு அதிகம். நடுப்பகுதியில் வரும் துண்டுகளும் தட்டில் சிறியதாகத் தோன்றும். எட்டு கிலோவைத் தாண்டிய மீனில் ஒரு முழு வட்டத் துண்டே முந்நூறு கிராமை நெருங்கிவிடும். அதை இரண்டாகப் பிளக்க நேரும். பிளந்த பாதி கல்லில் புரட்டும்போது எளிதில் உடையும். ஆகவே பெரிய மீனே சிறந்த மீன் என்று ஏலத்தில் யாராவது சொன்னால், அது கல்யாணச் சமையலுக்குப் பொருந்தலாம். உங்கள் நாற்பது இருக்கைக்குப் பொருந்தாது.

அடுத்து, மீன் எந்தப் படகில் வந்தது என்று கேளுங்கள். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகு தன் முதல் நாள் மீனையும் கடைசி நாள் மீனையும் ஒரே கிடங்கில் ஐஸில் வைத்துக்கொண்டு கரை சேரும். இரவு சென்று விடியலில் திரும்பும் ஃபைபர் படகின் மீன் ஓரிரவு மீன். ஏலத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் கிடக்கும். தூண்டிலில் பிடித்ததா, வலையில் சிக்கியதா என்பதும் முக்கியம். தூண்டில் மீன் உயிரோடு மேலே வந்து உடனே ஐஸுக்குப் போகும். வலையில் சிக்கிய மீன் வெகு நேரம் முன்பே செத்து, வெதுவெதுப்பான நீரிலேயே மணிக்கணக்கில் கிடந்திருக்கக்கூடும். அப்படிக் கிடந்த நேரத்தைப் பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் திரும்பப் பெற முடியாது. தொடர்ந்து ஒரே வியாபாரியிடம் வாங்குபவருக்கு இந்த விவரங்கள் கிடைக்கும். நாளுக்கு ஒருவரிடம் வாங்குபவருக்குக் கிடைக்காது.

புதுமையைப் பார்க்கும்போது பெரும்பாலோர் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கண் பிதுங்கித் தெளிவாக இருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டாலே நல்ல மீனின் கண்ணும் மங்கிப்போகும் என்பதால், மங்கிய கண்ணை மட்டும் வைத்து ஒரு மீனைத் தள்ளிவிட வேண்டாம். கண் குழிந்து உள்ளே போயிருந்தால்தான் அது பழைய மீன்.

நான் முதலில் பார்ப்பது செவுள். மூடியைத் தூக்கினால் உள்ளே இழைகள் தனித்தனியாக, ரத்தச் சிவப்பாக, தெளிந்த வழுவழுப்போடு இருக்க வேண்டும். நாளாக ஆக அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகும்; வழுவழுப்பு கலங்கிப் பசைபோல் திரளும். செவுளைப் பலமுறை கழுவி வைத்திருந்தால் அது வெளிறித் தெரியும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு மூக்கை நம்புங்கள். நல்ல செவுளில் கடல் நீரின், பாசியின் வாசனை இருக்கும். புளித்த வாசனையோ அம்மோனியாவின் காட்டமோ வந்தால் அந்தக் கூடையையே விட்டுவிடலாம்.

அடுத்தது வயிறு. வஞ்சிரம் சிறு மீன்களைத் தின்னும் மீன். நிறையத் தின்ற நிலையில் பிடிபட்டால், வயிற்றிலுள்ள செரிமான நீர் மீன் செத்த பிறகும் வேலை செய்து வயிற்றுச் சதையை உள்ளிருந்தே கரைக்கத் தொடங்கும். அடிவயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று அமிழ்ந்தாலோ, குதத்தின் வழியே பழுப்பு நீர் கசிந்தாலோ, வெளித்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே விலாப்பகுதி கெட்டிருக்கும். பிறகு முதுகுப்புறச் சதையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் பள்ளம் நிரம்ப வேண்டும்.

விறைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிடிபட்டுச் சில மணி நேரத்தில் மீன் கட்டைபோல் விறைக்கும். ஐஸில் இருந்தால் அந்த விறைப்பு ஏறத்தாழ ஒரு நாள் நீடித்துப் பின் தளரும். ஆகவே விறைத்த மீன் புதியது, ஆனால் தளர்ந்த மீன் எல்லாம் பழையது அல்ல. மற்ற அடையாளங்களில் பழைமை தெரிந்தும் உடல் மட்டும் ரப்பர்போல் கெட்டியாக இருந்து, கடல் வாசனை சிறிதும் இல்லையென்றால், ஃபார்மலின் கலந்திருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. ஐஸில் கிடக்கும் நல்ல மீனிலும் ஈ உட்காராது. ஃபார்மலினைக் கண்டறியவென்றே கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மீனின் மேல் பட்டையைத் தேய்த்து, உடன் வரும் திரவத்தை ஒரு துளி விட்டால் நிறம் மாறிக் காட்டும்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் தாண்டி வஞ்சிரத்துக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. உணவகம் நடத்துபவர் கட்டாயம் அறிய வேண்டியது இது. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி ஆகியவை ஒரே குடும்ப மீன்கள். இவற்றின் சதையில் இயல்பாகவே ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் வெப்பத்தில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் உள்ள சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து அரித்து, தலைவலியும் படபடப்பும் வரும். வாடிக்கையாளர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் எண்ணெயில் பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வாசனையிலும் எப்போதும் தெரியாது. அதைத் தடுக்க உள்ள ஒரே வழி, மீனைக் கடலிலிருந்து கல் வரை குளிர்ச்சி குறையாமல் வைத்திருப்பது. காசிமேட்டிலிருந்து உங்கள் கடைக்கு வரும் முக்கால் மணி நேரத்துக்குக்கூட மூடிய ஐஸ் பெட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆட்டோவின் பின்னால் சாக்குப்பையில் மீன் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

இனி எடை. மீனைத் தராசில் வைக்குமுன் வாலைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகச் சாய்க்கச் சொல்லுங்கள். வாயிலும் செவுள் மூடிக்குள்ளும் இருக்கும் ஐஸும் நீரும் வடிந்துவிடும். எடை போட்ட இடத்திலேயே வெட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சந்தையில் ஒரே வாளித் தண்ணீரில் காலை முழுவதும் எல்லா மீனையும் அலசுவார்கள். உங்கள் நல்ல மீனின் வெட்டுப்பரப்பு முழுவதும் மற்ற மீன்களின் அழுக்கு ஏறிவிடும். உங்கள் சமையலறையிலேயே வெட்டினால் வெட்டுக்கூலி மிச்சமாவதோடு, தலையும் சினையும் உங்களிடமே வந்து சேரும்.

சமையலறைக்கு வந்த மீனை உடனே வெட்டாமல் அரை மணி நேரம் ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த சதை கத்திக்கு வழவழப்பாக இடம் கொடுக்கும். வெதுவெதுப்பான சதை கிழியும். வஞ்சிரத்தின் செதில் மிகச் சிறியது என்பதால், கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒருமுறை வழித்தாலே போதும். பிறகு குதத்திலிருந்து தொண்டை வரை கத்தியின் நுனியை மேலாக ஓட்டி வயிற்றைத் திறக்க வேண்டும். நுனி ஆழமாக இறங்கினால் பித்தப்பை கிழிந்து பச்சை நீர் விலாச் சதையில் பரவும். அந்தக் கசப்பு கழுவினால் போகாது, அந்தப் பகுதியை வெட்டி எறியத்தான் வேண்டும். செவுளை இருபுறமும் அடியில் வெட்டிவிட்டு இழுத்தால், குடல் முழுவதும் அதனோடு சேர்ந்து ஒரே கொத்தாக வெளிவரும்.

அடுத்த வேலையைத்தான் பல சமையலறைகள் விட்டுவிடுகின்றன. வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டி, மெல்லிய சவ்வுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அது மீனின் சிறுநீரகமும் ரத்தமும். சவ்வை நீளவாக்கில் கீறி, சிறிய தூரிகையால் அதைச் சுத்தமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அது இருந்தால் மறுநாளே முள்ளைச் சுற்றி நாற்றம் தொடங்கிவிடும். கழுவுவதற்கு, லிட்டருக்கு முப்பது கிராம் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் நல்லது. வெறும் குழாய்த் தண்ணீர் சதைக்குள் ஊறி அதை வெளிறச் செய்யும். மீன் முழுதாக இருக்கும்போதே கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். துண்டு போட்ட பிறகு கழுவவே கூடாது. துண்டைத் தண்ணீரில் அலசினால் சுவையும் போகும், மசாலாவும் ஒட்டாது.

இப்போது கணக்கு. ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். ரசீதில் 5.2 கிலோ, விலை கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,680 ரூபாய். கடைக்கு வந்து நீர் வடித்து நிறுத்தால் 5.1 கிலோ. செவுளும் குடலும் 430 கிராம், தலை 690 கிராம், வாலும் துடுப்புகளும் 190 கிராம், ரத்தக்கோடும் சவ்வும் வெட்டும்போது சிந்துவதும் சேர்த்து 90 கிராம் போக மீதி 3.7 கிலோ. அதாவது ரசீது எடையில் சுமார் 71 விழுக்காடு. இந்த அளவு வஞ்சிரத்தில் எனக்கு 70க்கும் 75க்கும் இடையில்தான் வந்திருக்கிறது. சினை முற்றிய காலத்தில் இன்னும் குறையும். ஆனால் சினைக்குத் தனி விலை உண்டு.

அந்த 3.7 கிலோவும் வறுவல் துண்டு ஆகாது. கழுத்தை ஒட்டிய பகுதியும் வால் பக்கம் குறுகும் பகுதியும் சுமார் 820 கிராம். அவை குழம்புக்கு. மீதி 2.88 கிலோவில் 120 கிராம் வீதம் இருபத்து நான்கு துண்டுகள் வரும். இவ்வளவு வேலைக்குப் பிறகு ஒரு துண்டின் அடக்க விலை என்ன என்று கேட்டால், புதிதாகத் தொடங்கும் பலர் 900 ரூபாயை 120 கிராமுக்குக் கணக்கிட்டு 108 ரூபாய் என்கிறார்கள். அங்கேதான் கடை நட்டப்படத் தொடங்குகிறது. சரியான கணக்கு இப்படி: தலையைத் தலைக்குழம்புக்குக் கிலோ 200 ரூபாய் என்று மதித்தால் 138 ரூபாய். குழம்புத் துண்டுகளுக்கு, அதே குழம்புக்கு வேறொரு மீனைச் சுத்தம் செய்து வாங்கியிருந்தால் ஆகும் விலையை, கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் 492 ரூபாய். இரண்டையும் 4,680 ரூபாயில் கழித்தால் 4,050. அதை இருபத்து நான்கால் வகுத்தால் ஒரு துண்டு சுமார் 169 ரூபாய். எண்ணெய், மசாலா, எரிவாயு, கூலி எதுவும் இதில் சேரவில்லை. நீங்கள் 108 ரூபாய் என்று நினைத்து விலை வைத்திருந்தால், துண்டுக்கு 61 ரூபாய் கையை விட்டுப் போகிறது. விலைகளை உங்கள் நாளின் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் வடிவம் மாறாது. குழம்பும் தலையும் உங்கள் உணவுப் பட்டியலில் இல்லையென்றால், அந்த 630 ரூபாயும் வறுவலின் தலையில்தான் ஏறும்.

ஒவ்வொரு மீனுக்கும் ரசீது எடை, வந்த எடை, துண்டுகளின் எடை ஆகிய மூன்றையும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். இதன் பயனை நான் ஒரு டிசம்பரில் கற்றேன். கடல் சீறியிருந்ததால் வரத்துக் குறைவு. வழக்கமாக வாங்கும் இடத்தில் மீன் இல்லாமல், வேறொருவரிடம் ஏழு கிலோ மீன் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். கண் தெளிவாக இருந்தது. அவசரத்தில் வயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை. வெட்டியபோது நடுமுள்ளைச் சுற்றிச் சதை சிவந்து ஊறியிருந்தது. விலா முட்கள் சதையிலிருந்து தாமாகவே பிரிந்து நின்றன. இரண்டும் ஐஸில் நாள்பட்ட மீனின் தெளிவான அடையாளங்கள். வயிற்றுப்பகுதி முழுவதையும் வெட்டி எறிந்த பிறகு, பரிமாறத் தகுந்ததாக எடையில் பாதிக்குச் சற்று மேலேதான் மிஞ்சியது. விலையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த நாளில், வழக்கமான மீனைவிடத் துண்டுக்கு அதிகம் கொடுத்திருந்தேன். பழைய மீன் சுவையில் மட்டும் குறைவதில்லை, எடையிலும் குறைகிறது என்பதை அந்த ஏடுதான் காட்டியது.

வைத்துக்கொள்ளும் முறைக்கு வருகிறேன். அன்று தேவையான அளவுக்கு மட்டும் துண்டு போடுங்கள். மற்ற மீன்களைக் குடலும் செவுளும் நீக்கி முழுதாகவே வைக்க வேண்டும். தோல்தான் மீனுக்கு நல்ல உறை. அடியில் வடிகால் துளை உள்ள பெட்டியில் ஐஸ் தூளை ஒரு படுகையாகப் பரப்பி, மீனின் வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பி, வயிறு கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலேயும் மூடுங்கள். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது குறைந்த அளவு. பெரிய கட்டிகளாக உடைத்துப் போட்டால் கூர்முனை சதையில் குத்தும், இடையில் காற்றும் நிற்கும். உருகிய நீர் கீழே வடிந்துகொண்டே இருக்க வேண்டும். அதில் மீன் மிதந்தால் சதை ஊறிப்போகும். காலையும் மாலையும் ஐஸை நிரப்பி, இப்படி வைத்த ஓரிரவு மீனை வாங்கிய நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது என் வழக்கம்.

ஃபிரிட்ஜை மட்டும் நம்புவது போதாது. மதிய நெரிசலில் கதவு நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும்போது, நான்கு டிகிரி என்று முகப்பில் காட்டினாலும் உள்ளே அதைவிட ஏறியிருக்கும். ஊசி வெப்பமானி ஒன்றை வாங்கி, மீனின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். ஐஸில் உள்ள மீன் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கும்.

வெட்டிய துண்டுகளைத் துளையிட்ட தட்டில், ஐஸின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள்; உருகும் நீர் துண்டில் படக்கூடாது. மசாலா தடவிய துண்டுகளை அன்றைய வேளைக்கு மேல் வைக்க வேண்டாம். துண்டிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுவதால், முன்னிரவே மசாலா தடவிய துண்டு காலையில் தட்டில் தண்ணீர் விட்டுக் கிடக்கும். கல்லில் போட்டால் மேலும் சுருங்கும். நன்றாக வைத்த 120 கிராம் துண்டே வறுத்த பின் நூறு கிராமுக்கு அருகில்தான் நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதற்காக உறைய வைக்க நினைத்தால், வந்த அன்றே சிறந்த மீனை உறைய வையுங்கள். விற்காமல் மிஞ்சிய மூன்றாம் நாள் மீனை ஃப்ரீசரில் போடுவதால் அது மூன்றாம் நாள் மீனாகவே வெளியே வரும். துண்டுகளைக் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மைனஸ் 18 டிகிரியில் விறைக்கவிட்ட பிறகு அடுக்கி, தேதி எழுதி இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். சாதாரண டீப் ஃப்ரீசர் மெதுவாகவே உறைய வைக்கும். அதனால் சதைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி, உருகும்போது நீர் வடியும். அந்த இழப்பையும் ஏட்டில் எழுத வேண்டும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, வடியும் நீர் தனியே இறங்கும்படி தட்டுவைத்து உருகவிடுங்கள். உருகிய துண்டைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும் என்பதால், நொச்சிக்குப்பம் லூப் சாலையில் விடியற்காலையில் ஒன்றிரண்டு நல்ல வஞ்சிரம் கிடைக்கும். அதை வறுவலுக்கு வைத்துக்கொண்டு, உறைந்த துண்டுகளைக் குழம்புக்குப் போடுங்கள். குழம்பில் அவை உடையாமல் நிற்கும்.